குளிர வைத்த கிழமை: ஓர் ஐசியு நாட்குறிப்பு

2025 மே 7, புதன், இரவு 11.50

கொழும்பில் வெசாக் கூடுகள் கட்டத் தொடங்கிவிட்டார்கள். இரவு டியூட்டிக்கு வரும் வழியெல்லாம் மூங்கிலும் டிசு பேப்பரும்தான். வெளியே வேர்த்து ஊத்துகிறது. உள்ளே நாங்கள் ஒரு மனுஷியை 33 பாகைக்கு இறக்கிக்கொண்டிருக்கிறோம்.

நாற்பத்தாறு வயது. வெள்ளவத்தைப் பக்கம் வீடு. பழைய ஆஸ்துமா. இன்று மாலை மூச்சு முட்டி, பம்ப் அடித்தும் அடங்காமல் விழுந்திருக்கிறா. மேல்மாடிப் பெடியன் நெஞ்சை அழுத்தியிருக்கிறான். அம்புலன்ஸ் வந்தபோது இசிஜியில் நேர்கோடு, ஷொக் கொடுக்க இடமில்லாத தாளம். அழுத்தி, அட்ரினலின் கொடுத்து, காற்றுக் குழாய் போட்டு, கிட்டத்தட்ட பதினெட்டு நிமிடத்தில் நாடி திரும்பியது. எங்களிடம் வந்தபோது கண் திறக்கவில்லை, வலிக்கு அசைவில்லை. கண்மணி மட்டும் வெளிச்சத்துக்குச் சுருங்கியது.

இதயம் நின்று திரும்பியவவின் மூளையைக் காக்க குளிர வைப்பதா வேண்டாமா என்று சேரோடு போனில் கொஞ்ச நேரம் இழுபட்டோம். 2002 இல் வந்த இரண்டு ஆய்வுகளுக்குப் பிறகு உலகமே 32 முதல் 34 பாகை என்று ஓடியது. 2013 இல் 33 ஐயும் 36 ஐயும் ஒப்பிட்டார்கள், வித்தியாசம் இல்லை. 2021 இல் 33 ஐயும், காய்ச்சலை மட்டும் தடுப்பதையும் ஒப்பிட்டார்கள். அதிலும் வித்தியாசம் இல்லை, குளிர வைத்தவர்களுக்கு இதயத் தாளக் கோளாறுதான் கூட. அதனால் இப்போது பல இடங்களில் 37.5 க்கு மேல் போகவிடாமல் பிடிப்பதோடு சரி. அமெரிக்க வழிகாட்டி 2023 இல் 32 முதல் 37.5 வரை எந்த எண்ணை எடுத்தாலும் சரி, எடுத்ததில் நில் என்கிற மாதிரி வரம்பை அகட்டிவிட்டது.

சேர் 33 என்றார். 2021 ஆய்வில் பெரும்பாலும் ஷொக் கொடுக்கக்கூடிய தாளத்தோடு, இதயத்தால் விழுந்தவர்கள். இவவைப் போல ஷொக் கொடுக்க இடமில்லாத தாளத்தோடு வந்தவர்களை மட்டும் எடுத்து பிரான்சில் செய்த ஆய்வு 2019 இல் வந்தது. அதில் 90 நாளில் மூளை நல்லபடி இருந்தவர்கள் 33 பாகைக் குழுவில் 10.2 சதவீதம், 37 பாகைக் குழுவில் 5.7. உயிர் பிழைத்தவர்களின் தொகையில் பெரிய வேறுபாடு இல்லை. “பத்தில் ஒண்டு. அந்த ஒண்டுக்காகத்தான்” என்றார். எனக்கு முழு மனதில்லை, ஆனால் எதிர்த்துப் பேச என்னிடம் அதைவிட நல்ல எண் இல்லை.

மே 8, வியாழன், அதிகாலை 4.15

என் பிழையை எழுதி வைக்கிறேன்.

எங்களிடம் இருப்பது தண்ணீர் ஓடும் போர்வை மெஷின். நோயாளியின் உடல் வெப்பத்தை ஒரு புரோப் மூலம் வாங்கி, அதற்கேற்ப போர்வைக்குள் ஓடும் தண்ணீரைத் தானே 4 பாகை வரை குளிராக்கும், 42 வரை சூடாக்கும். அதாவது மெஷினுக்குத் தெரிந்த உலகம் அந்த ஒரு வயர்தான்.

சலம் போகப் போட்ட கதீற்றரிலேயே வெப்பமானி இருந்தது. கைக்கெட்டிய வயர் அது, அதையே மெஷினில் செருகினேன். அக்குளிலும் தொடை இடுக்கிலும் ஐஸ் பைகள் வைத்தோம். எண் ஒழுங்காக இறங்கியது: 36.1, 35.5, 34.8. ஒரு மணிக்கு 33.9. எனக்குத் திருப்தி.

ஹட்டன் மிஸ்ஸிதான் கேட்டா. “டொக்டர், மணிக்கு பத்து மில்லி சலம்தானே போகுது. அந்த எண்ணை நம்பலாமா?”

நம்பக்கூடாது. சலப்பை வெப்பம் சரியாக இருக்க வேண்டுமென்றால் சலம் ஓடவேண்டும். சிறுநீரகத்திலிருந்து புதிதாக இறங்கும் சலம்தான் உடலின் உள்வெப்பத்தைக் கொண்டுவருகிறது. பிரஷர் விழுந்து, அதைத் தூக்கிப் பிடிக்கும் நோராட்ரினலினில் நிற்கும் ஆளுக்கு சலப்பையில் கிடப்பது பழைய தண்ணீர். உடல் வேகமாகக் குளிரும்போது அது பின்னால் நொண்டிக்கொண்டு வரும். மலவாசல் புரோப்பும் அப்படித்தான் பிந்தும். அக்குளைப் பற்றிக் கேட்கவே வேண்டாம், ஐஸ் பையின் வெப்பத்தைத்தான் சொல்லும்.

உணவுக்குழாய் புரோப் ஒன்றை மூக்கால் இறக்கி மொனிட்டரில் மாட்டினோம். திரையில் மேலும் கீழும்:

```
T1  32.3
T2  33.9
```

T1 உணவுக்குழாய், T2 சலப்பை. ஒரு பாகைக்கு மேல் இடைவெளி. இதயத்துக்குப் பின்னால் ஏற்கெனவே 32.3, மெஷினோ இன்னும் 33 வரவில்லை என்று முழு வேகத்தில் குளிர்த் தண்ணீரைத் தள்ளிக்கொண்டிருக்கிறது. நாடி 104 இலிருந்து 58 க்கு வந்திருந்தது. நான் அதைப் பார்த்து ‘அமைதியாகிவிட்டா’ என்று நினைத்திருந்தேன்! இன்னும் அரை மணி விட்டிருந்தால் 31 க்குப் போயிருக்கும். 30 ஐ நெருங்க நெருங்க இதயம் தாறுமாறாகத் துடிக்கத் தொடங்கும் ஆபத்து கூடும்.

ஐஸ் பைகளை எடுத்தோம். வயரை மாற்றி உணவுக்குழாய் புரோப்பை மெஷினுக்குக் கொடுத்தோம். பதறிப்போய் சூடாக்கவில்லை. மெஷின் தானே மெதுவாக 33 க்கு ஏற்றி நிறுத்தியது. சலப்பை வயரில் மிஸ்ஸி ஒரு துண்டு பிளாஸ்டர் ஒட்டி, நீல மையில் ‘சலப்பை, மெஷினுக்கு அல்ல’ என்று எழுதினா.

காலை எக்ஸ்ரேயில் புரோப்பின் நுனி இதய நிழலுக்குப் பின்னால், உணவுக்குழாயின் கீழ் மூன்றிலொன்றில் இருக்கவேண்டும். மேலே நின்றால் பக்கத்தில் ஓடும் வென்டிலேட்டர் காற்று எண்ணைக் குழப்பும். கீழே போனால் வயிறு.

மே 8, வியாழன், இரவு

நேற்றிரவு இறங்கும்போதே, 35 ஐத் தாண்டிய நேரம், நடுக்கம் வந்தது. கண்ணுக்குத் தெரிந்த நடுக்கம் இல்லை. இசிஜி கோடு மயிர் முளைத்தது மாதிரி ஆனது, தாடையில் விரல் வைத்தால் மெல்லிய அதிர்வு. இதற்கு ஓர் அளவுகோல் இருக்கிறது: ஒன்றும் இல்லையென்றால் 0, தாடை, கழுத்து, நெஞ்சில் மட்டும் என்றால் 1, கையும் சேர்ந்தால் 2, உடல் முழுக்க என்றால் 3. அவ 1. விட்டுவிட முடியாது, நடுங்கும் உடல் சூட்டையும் ஒட்சிசன் செலவையும் கூட்டும், நாங்கள் மிச்சம் பிடிக்க நினைப்பதை அது செலவழிக்கும்.

கைகால்களுக்கு காலுறையும் வெதுவெதுப்பான துணியும் சுற்றினோம். தோல் சூட்டை உணர்ந்தால் மூளை நடுக்கத்தைக் குறைக்கும், உள்வெப்பம் அவ்வளவு ஏறாது. பரசிட்டமோல், மக்னீசியம் (ஆஸ்துமாவுக்கும் ஏற்கெனவே கொடுத்ததுதான்), நித்திரை மருந்தைக் கொஞ்சம் கூட்டினோம். 34 க்குக் கீழே போனதும் நடுக்கம் தானாக நின்றது. தசையை முழுக்கத் தளர்த்தும் மருந்தைத் தொடரவில்லை. அதைப் போட்டால் வலிப்பு வந்தாலும் உடல் காட்டாது. மூளை அலை பதிவு செய்யும் டெக்னீஷியன் பகலில்தான் வருவார்.

மாலை கணவர் வந்தார். பருத்தித்துறைக்காரர். அவவின் கையைப் பிடித்துவிட்டு என்னைப் பார்த்தார்.

“பிள்ளை, இவவின்ட கை ஐஸ் மாதிரி கிடக்கு. ஒரு போர்வை போடுங்கோவன்.”

“ஐயா, நாங்கள்தான் வேணுமெண்டு குளிர வைச்சிருக்கிறம். வெப்பம் ஒரு பாகை குறைஞ்சா மூளைக்குத் தேவைப்படுற சக்தி ஆறேழு வீதம் குறையும். அடிபட்ட மூளைக்கு வேலையைக் குறைச்சுக் குடுக்கிறம்.”

“அப்ப எழும்புவாவோ?”

பத்தில் ஒன்று என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. “மூண்டு நாளுக்குப் பிறகுதான் சொல்லலாம்” என்றேன். அவர் கையை விடவில்லை, இரண்டு கையாலும் தேய்த்துச் சூடாக்கிக்கொண்டிருந்தார். நான் தடுக்கவில்லை.

மே 9, வெள்ளி, பிற்பகல்

நேற்று நள்ளிரவில் மெஷினின் இன்னொரு எண்ணைப் பார்த்தோம். நோயாளி 33.0, கோடு தட்டையாக, அழகாக. ஆனால் தண்ணீர் வெப்பம் மாலை 21 ஆக இருந்தது, பத்து மணிக்கு 16, பன்னிரண்டுக்கு 9. அதே 33 ஐப் பிடித்து வைக்க மெஷின் மேலும் மேலும் குளிர்ந்த தண்ணீரை விட வேண்டியிருந்தது. அப்படியென்றால் உடல் உள்ளே சூட்டை உண்டாக்குகிறது. தாடையைத் தொட்டுப் பார்த்தோம், நடுக்கம் இல்லை. அப்போ காய்ச்சல்தான், போர்வைக்கு அடியில் ஒளித்துக்கொண்டு வருகிறது. குளிர வைத்த நோயாளிக்கு வெப்பமானி காய்ச்சலைக் காட்டாது, தண்ணீர்தான் காட்டும்.

குழாயில் உறிஞ்சியபோது மஞ்சள் சளி. எக்ஸ்ரேயில் வலது அடிப்பக்கத்தில் புதிய மூட்டம். சளியை ஆய்வுக்கு அனுப்பிவிட்டு அன்டிபயோட்டிக் தொடங்கினோம். இனி சார்ட்டில் மணிக்கொரு தடவை நோயாளி வெப்பத்துக்குப் பக்கத்தில் தண்ணீர் வெப்பமும் எழுத வேண்டும் என்று ஒரு வரிசை கோடு போட்டுவிட்டோம்.

அதிகாலை இரண்டு மணிக்கு 24 மணித்தியாலம் முடிந்தது, ஏற்றத் தொடங்கினோம். மணிக்கு 0.25 பாகை, 33 இலிருந்து 37 க்கு 16 மணித்தியாலம். கேட்பவர்களுக்கு இது ஆமை வேகம். வேகமாக ஏற்றினால் இரத்தக் குழாய்கள் விரிந்து பிரஷர் விழும், பொட்டாசியம் ஏறும். குளிரில் பொட்டாசியம் உயிரணுக்களுக்குள்ளே போய் ஒளிந்துகொள்கிறது. இவவுக்கு ஆஸ்துமா மருந்தான சல்பியூட்டமோலும் சேர்ந்து 2.9 க்கு இறங்கியது. 4.5 வரை நிரப்பிவிடுங்கள் என்று ஹவுஸ் ஒஃபிசர் எழுதியிருந்தார், நான் 3.5 இல் நிறுத்தினேன். சூடேறும்போது ஒளிந்தது வெளியே வரும். காலை பத்து மணிக்கு 35 பாகையில் 4.4, நாங்கள் ஒரு சொட்டும் கூடுதலாகக் கொடுக்காமலே.

மே 10, சனி

நேற்று மாலை ஆறரைக்கு 37. மெஷினைக் கழற்றவில்லை. நிமோனியாவோடு இருப்பவவை விட்டால் 39 க்குத் துள்ளும், அந்தச் சூடு அடிபட்ட மூளைக்கு ஆகாது. 37 இல் பிடித்து வைத்திருக்கிறோம். காலையில் நித்திரை மருந்தை நிறுத்தினோம்.

ஒரு அசைவும் இல்லை. கணவர் ஒன்றும் கேட்கவில்லை, அதுதான் கஷ்டமாக இருந்தது. குளிரில் ஈரல் மருந்தை மெதுவாகத்தான் கரைக்கும், இன்றைய மௌனம் மூளையினதா மருந்தினதா என்று சொல்ல முடியாது. சேரும் அதையே சொன்னார்: இன்று எதுவும் தீர்மானிக்காதே.

மே 12, திங்கள், வெசாக் போயா

காலி வீதி முழுக்க தன்சல் வரிசை. ஓட்டோ நகரவில்லை, கடைசிக் கிலோமீட்டர் நடந்துதான் வந்தேன்.

விடிய மூன்று மணிக்கு வாய்க்குழாயில் உறிஞ்சியபோது இருமினா. எட்டு மணிக்கு நெற்றிப் பக்கம் அழுத்தினேன், இடது கை மெதுவாக எழும்பி என் விரலைத் தட்டிவிட வந்தது. வலியின் இடத்தைத் தேடி வந்த கை. வலது கை மடங்கியதோடு சரி. மூளை அலைப் பதிவில் வலிப்பு இல்லை, தொட்டால் அலை மாறுகிறது. கண் இன்னும் திறக்கவில்லை.

கணவரிடம் கையைப் பற்றி மட்டும் சொன்னேன். “இடது கையோ? அவ இடது கைக்காரி, பிள்ளை” என்றார்.

வெப்பம் 37.2, மெஷின் தண்ணீர் 29. இன்றிரவு போர்வையை எடுக்கலாம் என்று சேர் சொல்லியிருக்கிறார். சலப்பை வயரில் பிளாஸ்டர் இன்னும் ஒட்டியபடி இருக்கிறது, எழுத்து மட்டும் ஸ்பிரிட் பட்டு மங்கிவிட்டது. திரும்ப எழுதினேன்.