தோட்டத்து மண்ணும் தொட்டிக் கலவையும்: மூச்சு எவ்வளவு என்று அளந்து பார்த்தேன்

வேளச்சேரிப் பக்கத்து மண் கறுப்பு, களி அதிகம். எங்கள் வீட்டுக் கொல்லையில் அதே மண்ணில்தான் முருங்கையும் வாழையும் நிற்கின்றன. "தரையில காய்க்கிற மண்ணு தொட்டியில மட்டும் ஏன்டா கல்லாப் போகணும்?" என்று அம்மா கேட்டதற்கு வாயால் பதில் சொல்வதைவிட அளந்து காட்டுவது சுலபம் என்று தோன்றியது.

ஒரே அளவில் இரண்டு பத்து லிட்டர் தொட்டிகள். ஒன்றில் கொல்லையில் மண்வெட்டியால் வெட்டி, கட்டி உடைத்து நிரப்பிய மண். இன்னொன்றில் கலவை: ஊறவைத்து இரண்டு மூன்று முறை அலசிய தென்னை நார்க்கழிவு இரண்டு பங்கு, மண்புழு உரம் ஒரு பங்கு, செம்மண் ஒரு பங்கு. இரண்டிலும் ஒரு கத்தரி நாற்று.

நாற்று நடுவதற்கு முன்னால் ஒரு சோதனை செய்தேன். தொட்டியின் துளைகளை டேப் போட்டு அடைத்துவிட்டு, ஓரமாக மெதுவாகத் தண்ணீர் விட வேண்டும். அவசரப்பட்டால் காற்று உள்ளேயே சிக்கிக்கொள்ளும். மேற்பரப்பு பளபளக்கும் வரை விட்டு, சில மணி நேரம் அப்படியே வைக்க வேண்டும். பிறகு தொட்டியைச் செங்கல் மேல் ஏற்றி, அடியில் தட்டு வைத்து டேப்பைப் பிரித்தால், சொட்டு நிற்கும்வரை வடிகிற தண்ணீர்தான் கணக்கு. தண்ணீர் விட்டுப்போன இடத்தில் காற்று நுழைகிறது. வேருக்குக் கிடைக்கும் மூச்சு அவ்வளவுதான். பொதுவாக இது பத்து சதவீதத்துக்குக் கீழே போனால் வேர் திணற ஆரம்பிக்கும்.

முதல் சோதனையில் தோட்டத்து மண் அவ்வளவு மோசமில்லை. 1.1 லிட்டர் வடிந்தது, அதாவது 11 சதவீதம். கலவையில் 1.9 லிட்டர். தினமும் தண்ணீர் ஊற்றி ஒரு மாதம் கழித்து மறுபடி அளந்தபோதுதான் விஷயம் தெரிந்தது. கலவை 1.7 லிட்டரில் நின்றது. மண்ணில் வடிந்தது 300 மில்லி. மட்டமும் இரண்டு விரற்கடை இறங்கியிருந்தது.

வெட்டிப் போட்ட மண்ணில் இருந்த பொலபொலப்பு மண்வெட்டி கொடுத்தது. தண்ணீர் விழ விழச் சிறு கட்டிகள் கரைந்து, நுண்ணிய களித்துகள் பிரிந்து இடுக்குகளில் போய் உட்கார்ந்துவிடும். தரையிலும் மழை இதையேதான் செய்கிறது. ஆனால் அங்கே மண்புழு துளை போடுகிறது, பழைய வேர் அழுகி வழி விடுகிறது, சருகு விழுந்து மேல்மண்ணை மூடுகிறது. தொட்டியில் இதைச் செய்ய ஆளில்லை. தண்ணீர் மட்டும் நாள் தவறாமல் வருகிறது.

இரண்டாவது காரணம் தொட்டியின் உயரம். நனைத்த வேட்டியைக் கொடியில் போட்டால் கீழ்க்கரை சொட்டி ஓய்ந்த பிறகும் ஈரமாகவே தொங்கும் அல்லவா? தொட்டியின் அடியிலும் ஒரு பட்டை அப்படித்தான் தண்ணீரைப் பிடித்து வைக்கும். மண் துகள்களுக்கு இடையிலான இடுக்குகள் நுண்ணியதாக இருந்தால் அந்தப் பட்டை உயரமாகும். தரையில் கீழே மண் தொடர்ந்து போவதால் தண்ணீரை இழுத்துக்கொள்ளும். தொட்டியில் இழுக்க எதுவும் இல்லை. அடியில் ஜல்லியோ ஓட்டுச் சில்லோ போடுவதும் இதைத் தீர்க்காது. நுண்மண்ணிலிருந்து தண்ணீர் பெரிய இடைவெளிக்குள் எளிதில் இறங்காது. ஈரப்பட்டை ஜல்லிக்கு மேலே ஏறி உட்காரும். வேருக்கான இடம்தான் குறையும்.

இரண்டு செடிகளையும் பிடுங்கிப் பார்த்தேன். மண் தொட்டியில் வேர் மேல் மூன்றில் ஒரு பங்கிலேயே சுருண்டிருந்தது. அடிமண் சாம்பல் நிறமாகி, சாக்கடை வாடை அடித்தது. கலவையில் வெள்ளை வேர் அடிவரை ஓடியிருந்தது.

சென்னை வெயிலில் ஒரு ஏமாற்று வேலையும் நடக்கும். களிமண் காய்ந்தால் சுருங்கித் தொட்டிச் சுவரை விட்டு விலகும். ஊற்றிய தண்ணீர் அந்த இடுக்கு வழியே நொடியில் கீழே வரும். "வடிகால் பிரமாதம்" என்று நினைப்போம். நடுவில் மண் காய்ந்தே கிடக்கும். விரலை இரண்டு அங்குலம் செருகிப் பார்த்தால் புரிந்துவிடும். களிமண்ணில் கொஞ்சம் மணல் கலப்பதும் பலன் தராது. மணலுக்கு இடையில் களி புகுந்துகொள்ளும், தொட்டி இன்னும் கனக்கும். நனைந்த மண் தொட்டியை மாடிக்குத் தூக்கியவர்களுக்கு அந்தக் கனம் தெரியும்.

கலவைக்கும் குறை உண்டு. மே மாதத்தில் காலையும் மாலையும் தண்ணீர் கேட்கிறது. நார்க்கழிவில் தானாகச் சத்து அதிகம் கிடையாது. அதற்காகவே ஒரு பங்கு செம்மண்ணை விட்டு வைத்தேன். உரமும் நாரும் மக்கி நொய்ந்துகொண்டே போகும். ஒரு பருவம் முடிந்து அளந்தபோது 1.3 லிட்டர்தான் வடிந்தது. இப்போது பழைய கலவையை உதறி, நாலில் ஒரு பங்கு தேங்காய் மட்டைத் துண்டு சேர்த்திருக்கிறேன். 1.8 லிட்டர் வடிகிறது. அந்தக் கறுப்பு மண் திரும்ப முருங்கை அடிக்கே போய்விட்டது.