நாலாம் பக்கத்து பிரியாணி

"நான் டிசைனர், மெனு கார்டு செய்து தருவேன்" என்று பல ஓட்டல்களுக்கு மெயில் போட்டேன். ஒரு பதிலும் இல்லை. காட்பாடியில் சாப்பிட்ட ஒரு ஓட்டலுக்கு மட்டும் அவர்கள் கார்டைப் பற்றியே எழுதினேன்.

"வணக்கம் சார். உங்கள் பிரியாணி நாலாம் பக்கத்தில், ஃப்ரைட் ரைஸுக்குக் கீழே கிடக்கிறது. விலைகள் வலது ஓரத்தில் வரிசையாக நிற்பதால், கண் முதலில் விலையைத்தான் ஒப்பிடுகிறது. விலையைப் பெயருக்குப் பக்கத்திலேயே வைத்து, பிரியாணியை மேலே கொண்டுவந்து ஒரு மாதிரிப் பக்கம் செய்து இணைத்திருக்கிறேன்."

லோகோவைப் பற்றி வாயே திறக்கவில்லை (ஓட்டல் முதலாளியின் அப்பா வரைந்ததாக இருக்கலாம்!).

மறுநாளே போன். "தம்பி, கறி விலை ஏறினா லேமினேஷன் மேல மறுபடியும் ஸ்டிக்கர் ஒட்டணுமா?"

அதை நான் யோசிக்கவே இல்லை. இப்போது லேமினேஷன் இல்லாமல், தாள் மாற்றும் கவருக்கு டிசைன் செய்துகொண்டிருக்கிறேன்.