பேருந்தில் படித்து முடிக்க வேண்டிய நாள் சுருக்கம்

எங்கள் அலுவலகத்தில் மாலைதோறும் நான் அனுப்பும் நாள் சுருக்கத்தைப் பெரும்பாலோர் வீடு திரும்பும் பேருந்தில், ஒரு கையால் கம்பியைப் பிடித்தபடி படிப்பதால், அது 250 சொற்களைத் தாண்டக் கூடாது என்று வரையறுத்திருக்கிறேன்.

நான் முதலில் நீக்குவது நேற்றிலிருந்து மாறாதவற்றை. ஊதிய உயர்வுப் பேச்சுவார்த்தையைப் பற்றி நான்கு நாள்கள் தொடர்ந்து எழுதியபோது, அவற்றுள் மூன்று குறிப்புகள் "பேச்சு தொடர்கிறது" என்பதற்கு மேல் எதையும் சொல்லவில்லை. ஆயினும் முன்கதையோடு சேர்ந்து ஒவ்வொன்றும் 40 சொற்களை விழுங்கியது. ஐந்தாம் நாள் அதை முழுவதுமாக விட்டுவிட்டேன். மறுநாள் காலையில் இருவர், "பேச்சு முடிந்துவிட்டதா?" என்று கேட்டார்கள். மௌனத்தை அவர்கள் முடிவு என்று புரிந்துகொண்டது நியாயமே. அதன்பின், "மாற்றமில்லை: ஊதியப் பேச்சு, இடமாற்றப் பட்டியல்" என்று கடைசியில் ஒரே வரி சேர்க்கிறேன், ஐந்து சொற்களில் அந்த ஐயம் தீர்ந்துவிடுகிறது.

கூட்டத்தில் யார் என்ன சொன்னார் என்பதையும் விட்டுவிடுகிறேன். எடுத்த முடிவும், அதைச் செய்ய வேண்டியவர் பெயரும், கடைசி நாளும் போதும். முடிவு எட்டப்படாமல் கருத்து வேறுபாடு நீடித்தால் மட்டும் அதை ஒரு வாக்கியத்தில் சொல்கிறேன், ஏனெனில் அங்கே வேறுபாடுதான் செய்தி.

இடம் எவ்வளவு குறைந்தாலும் நேற்றைய பிழைக்கான திருத்தத்தை நான் வெட்டுவதில்லை. பேருந்தில் ஒருமுறை படித்தவர் பழைய சுருக்கத்தைத் திரும்பத் திறந்து பார்க்கமாட்டார் என்பதால், தவறான தேதியைத் திருத்தும் வரி எப்போதும் முதலிலேயே நிற்கிறது.