மேலண்ணத்தில் சூடுபட்டால்: வெள்ளைப் படலமும் ஆறும் காலமும்

அரசு மருத்துவமனை ஒன்றின் பல் பிரிவில் பணியாற்றும் என்னிடம், சூடான தேநீரால் மேலண்ணம் வெந்துபோனவர்கள் அடிக்கடி வருகிறார்கள். பெரும்பாலோர் சுட்ட அன்றே வருவதில்லை. மூன்றாம் நாளோ நான்காம் நாளோ கண்ணாடியில் வாயைத் திறந்து பார்த்து, அங்கே வெள்ளையாக ஏதோ படர்ந்திருக்கக் கண்டு, சீழ் பிடித்துவிட்டது என்று அஞ்சித்தான் வருகிறார்கள். ஒரு வாரத்தில் ஆறியிருக்க வேண்டிய புண்ணை இழுத்தடிப்பது பல வேளைகளில் அந்த அச்சமும் அதனால் செய்யும் காரியங்களுமே ஆகும்.

மேல் முன்பற்களுக்குப் பின்னால், நாக்கு நுனியால் தடவினால் வரிவரியாகத் தட்டுப்படும் பகுதியில், தோல் எலும்போடு இறுக ஒட்டியிருக்கிறது. கன்னத்தின் உட்புறத்தைப் போல அடியில் மெத்தென்ற சதை அங்கு இல்லை. தேநீரை உறிஞ்சி விழுங்கும்போது நாக்கு அதை அந்த இடத்தில் வைத்து அழுத்துவதால், சூட்டின் வேகம் முழுவதும் அங்கேயே இறங்குகிறது. வெந்த இடம் முதலில் சிவந்து தடிக்கும். சிலருக்குக் கொப்புளம் எழுந்து உடையும். பிறகு இறந்த மேல்தோலும், புண்ணில் கசியும் நீரிலுள்ள ஃபைப்ரின் என்ற புரதமும் சேர்ந்து வெண்மையாகப் படிகின்றன. அந்தப் படலத்தின் அடியில்தான் புதிய தோல் ஓரங்களிலிருந்து நடுப்பகுதியை நோக்கி வளர்ந்து வருகிறது. சீழ் பிடித்திருந்தால் வலி நாளுக்கு நாள் கூடும், வீக்கம் பரவும், காய்ச்சலும் வரலாம். வலி குறைந்துகொண்டே வர, வெள்ளை மட்டும் தெரிந்தால், புண் ஆறிக்கொண்டிருக்கிறது என்றே கொள்ளலாம்.

விடியற்காலை முதல் பேருந்தை எடுக்கும் ஓட்டுநர் ஒருவர், வண்டி புறப்படும் அவசரத்தில் தேநீரை வேகமாகக் குடித்துச் சுட்டுக்கொண்டிருந்தார். "சீழ் வச்சிருச்சு டாக்டர், ஒரு ஊசி போட்டு விடுங்க" என்றுதான் அவர் பேச்சைத் தொடங்கினார். வெள்ளைப் படலத்தைத் துணியால் தினமும் துடைத்தெடுத்திருந்தார். மருந்துக்கடையில் கேட்டு நுண்ணுயிர்க்கொல்லி மாத்திரையும் விழுங்கியிருந்தார். காலைத் தேநீரை மட்டும் அதே சூட்டில் தொடர்ந்திருந்தார். படலத்தை உரித்த இடங்களில் இரத்தம் கசிந்தது. வீக்கமோ காய்ச்சலோ இல்லை. அந்த மாத்திரைக்கு அங்கே வேலையே இல்லை என்பதால் அதை நிறுத்தச் சொன்னேன்.

அவருக்குச் சொன்னவை எளியவை. படலத்தைத் தொடக்கூடாது. ஒரு தம்ளர் வெதுவெதுப்பான நீரில் அரைத் தேக்கரண்டி உப்பைக் கரைத்து, சாப்பிட்ட பின்பும் படுக்கும் முன்பும் மெல்லக் கொப்பளிக்க வேண்டும். உப்பைக் கூட்டினால் எரிச்சல்தான் மிஞ்சும். தயிர்ச்சாதம், பாலில் ஊறிய இட்லி, குளிர்ந்த மோர் ஆகியவை அந்த நாட்களுக்கு ஏற்றவை. முறுக்கும் அப்பளமும் புதுத்தோலைக் கீறும். காரமும் எலுமிச்சைப் புளிப்பும் எரியச் செய்யும். மதுச்சாரம் கலந்த வாய்க்கழுவியும் அப்படியே. வலிக்குப் பாரசிட்டமால் போதும். மரத்துப்போகச் செய்யும் களிம்பைச் சாப்பிடுவதற்குச் சற்று முன் தடவக்கூடாது, ஏனெனில் சூடு தெரியாமல் மீண்டும் சுட்டுக்கொள்ள நேரும். தேநீரை ஆற்றி, உதட்டில் வைத்துப் பார்த்த பிறகே குடிக்க வேண்டும்.

சுட்ட உடனே செய்ய வேண்டியது வேறு. குளிர்ந்த நீரை வாயில் நிறைத்து, மேலண்ணத்தில் படும்படி வைத்திருந்து துப்பிவிட்டு, சில நிமிடங்களுக்குத் திரும்பத் திரும்ப அதையே செய்ய வேண்டும். வெந்த தோலில் ஒட்டிக்கொள்ளும் என்பதால் பனிக்கட்டியை நேரே அழுத்தக்கூடாது. நெய் தடவும் வழக்கம் பல வீடுகளில் உண்டு. சூடு தணியும் முன் அதைத் தடவுவதில் பயனில்லை.

லேசாகச் சிவந்து தோல் உரிந்ததோடு நின்றால் மூன்று நான்கு நாட்களில் வலி அடங்கி, ஒரு வாரத்தில் தோல் மூடிவிடும். கொப்புளம் உடைந்து புண்ணானால் பத்து நாள் முதல் இரண்டு வாரம் வரை ஆகலாம். சர்க்கரை நோய் கட்டுப்பாட்டில் இல்லாதவர்களுக்கும் புகைப்பவர்களுக்கும் இன்னும் தாமதமாகும். படலத்தை உரிக்கும் ஒவ்வொரு முறையும் இந்த நாட்கணக்கு இன்னும் நீள்கிறது. ஓட்டுநரின் புண்ணும் துடைப்பதை விட்ட பிறகே மூடத் தொடங்கி, அடுத்த வாரம் அவர் வந்தபோது லேசான சிவப்பாக மட்டுமே எஞ்சியிருந்தது.

சுட்ட நினைவே இல்லாமல், சிறு சிறு புண்கள் கொத்தாக ஒரே பக்கத்தில் தோன்றினால், அது வைரஸ் தொற்றாக இருக்கலாம். அதற்குச் சிகிச்சையும் வேறு. குழந்தையோ பெரியவரோ, சூடான பானம் பட்ட பின் எச்சில் விழுங்க முடியாமல் ஒழுகவிட்டாலோ, குரல் மாறினாலோ, மூச்சு வாங்கினாலோ, தொண்டை வீங்குகிறது என்று கொண்டு உடனே அவசரப் பிரிவுக்குச் செல்ல வேண்டும். இரண்டு வாரம் கடந்தும் மூடாத புண்ணைப் பல் மருத்துவரிடம் காட்ட வேண்டும். பீடி, புகையிலைப் பழக்கம் உள்ளவர்களிடம், "டீ சுட்டதுதான்" என்ற விளக்கத்தை அதற்குமேல் நான் ஏற்பதில்லை, தேவைப்பட்டால் சதைத் துணுக்கு எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்புகிறேன்.