ஆறு மணித் தெரு

ஜூன் 12, 2024, புதன்

குடியாத்தத்திலிருந்து வந்த சாமான்களை எல்லாம் இன்றுதான் அடுக்கி முடித்தோம். அப்பாவுக்கு வேலூர் மண்டித் தெருவில் ஒரு கடையில் கணக்கு எழுதும் வேலை. எனக்கு இங்கே பிளஸ் ஒன். வீடு சத்துவாச்சாரியில், மாடிப் போர்ஷன். தண்ணீர் நன்றாக வருகிறது, பாத்ரூம் வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. அம்மாவுக்கு அதில் ரொம்பத் திருப்தி.

சாயங்காலம் ஆறு மணிக்குக் கீழே இறங்கினேன். தெருவில் ஒருவர்கூட இல்லை. நல்ல அகலமான தெருதான். இரண்டு பக்கமும் காம்பவுண்டு சுவர், இரும்பு கேட், கேட்டுக்கு முன்னால் கார். உள்ளே டிவி ஓடும் சத்தம் மட்டும் கேட்டது. ஹைவே சர்வீஸ் ரோடு வரைக்கும் நடந்துவிட்டுத் திரும்பினேன். போகும்போதும் வரும்போதும் யாரும் "எங்கே போற?" என்று கேட்கவில்லை.

ஜூன் 15, சனி

குடியாத்தத்தில் இந்நேரம் என்ன நடக்கும் என்று எழுதி வைக்கிறேன். மறந்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது.

எங்கள் தெருவில் எதிரெதிரே இரண்டு ஆட்டோ வந்தால் ஒன்று பின்னால் போயாக வேண்டும். வீட்டுக்கு வீடு திண்ணை. பாதி வீடுகளில் லுங்கித் தறி, மீதி வீடுகளில் பீடி. ஆயா பீடி இலையை முந்தின ராத்திரியே நனைத்து, ஈரச்சாக்கில் சுற்றி வைத்துவிடுவார். காலையில் தகட்டை இலைமேல் வைத்து, அந்த அளவுக்குக் கத்தரியால் வெட்டி அடுக்குவார். சமையலெல்லாம் முடித்து மதியத்துக்கு மேல்தான் சுற்ற உட்காருவது. வீட்டுக்குள் உட்கார்ந்தால் புகையிலைத் தூள் மூக்கில் ஏறும், வெளிச்சமும் போதாது. அதனால் எல்லாப் பெண்களும் முறத்தை மடியில் வைத்துக்கொண்டு திண்ணைக்கு வந்துவிடுவார்கள்.

இலையில் தூளை நீளவாக்கில் போட்டு, ஓரத்திலிருந்து உருட்டி, நூலைச் சுற்றி முடிச்சுப் போடுவார்கள். கை பாட்டுக்குச் சுற்றும், வாய் பாட்டுக்குப் பேசும். அகலமான முனையை உள்ளே மடக்கும் வேலை பள்ளிக்கூடம் விட்டு வரும் எங்களுக்கு. சின்னத் தகரத் துண்டால் சுற்றிலும் உள்ளே தள்ள வேண்டும். வேகமாக அழுத்தினால் இலை கிழியும், லேசாகத் தள்ளினால் விரிந்து தூள் கொட்டும். இலை காயத் தொடங்கிவிட்டால் எப்படி மடக்கினாலும் உடையும். அப்போது ஆயா இரண்டு சொட்டுத் தண்ணீர் தெளிப்பார்.

இருபத்தைந்து பீடி ஒரு கட்டு, ஆயிரத்துக்கு 40 கட்டு. வாங்கும் ஆள் ஒரு கட்டை எடுத்து நசுக்கிப் பார்ப்பார். தளர்வாக இருந்தால் கழித்துவிடுவார், அதற்குக் கூலி கிடையாது. அவரிடம் கொடுத்துவிட்டுத் திரும்பும்போது ஏழு மணி ஆகிவிடும். அதற்குள் தறிச் சத்தமும் நின்றிருக்கும். பூக்காரம்மா வருவார், யாராவது போண்டா வாங்கி வருவார்கள், நாங்கள் நடுத்தெருவில் ஸ்டம்ப் வரைந்து விளையாடுவோம். பந்து யார் முறத்தில் விழுந்தாலும் திட்டு எனக்குத்தான்.

ஜூன் 21, வெள்ளி

ராத்திரி எட்டு மணிக்குக் கரண்ட் போனது. நான் சந்தோஷமாகக் கீழே ஓடினேன். குடியாத்தத்தில் கரண்ட் போனால் மொத்தத் தெருவும் வெளியே வந்துவிடும். பாயைத் தூக்கிக்கொண்டு வருகிறவர்கள்கூட உண்டு. அப்படியொரு வெக்கை, மலையெல்லாம் பகலில் வாங்கிய சூட்டை ராத்திரியில்தான் கக்கும்.

இங்கே நான் படி இறங்குவதற்குள் எல்லா ஜன்னலிலும் இன்வெர்ட்டர் விளக்கு எரிந்தது. வீட்டுக்கார அம்மா மட்டும் எட்டிப் பார்த்து, "என்ன தம்பி, ஏதாவது வேணுமா?" என்றார். ஒன்றும் இல்லை ஆன்ட்டி என்றேன்.

ஜூலை 3, புதன்

அப்பாவுக்குச் சாப்பாடு கொடுத்துவிட்டு, காந்தி ரோடு வழியாகத் திரும்பினேன். சி.எம்.சி. ஆஸ்பத்திரிக்கு எதிரே இருக்கும் சந்துகளில் இதுவரை நான் நுழைந்ததில்லை. லாட்ஜுக்கு மேல் லாட்ஜ். போர்டெல்லாம் வங்காளத்திலும் இந்தியிலும். அங்கே மணி ஆறானால் தெரு நிறைந்துவிடுகிறது!

வைத்தியத்துக்கு வந்தவர்கள் மாதக்கணக்கில் தங்குகிறார்கள், ரூமிலேயே சமைத்துக்கொள்கிறார்கள். ரூமுக்குள் புழுக்கம் தாங்காமல் காய் நறுக்குவதற்கு வாசல்படிக்கு வந்துவிடுகிறார்கள். கடுகெண்ணெய் வாசனை. ஒரு பெண் அரிவாள்மணையைக் காலால் மிதித்துக்கொண்டு மீன் வெட்டிக்கொண்டிருந்தார், பக்கத்துப் படியில் இருந்தவர் உருளைக்கிழங்கைக் காட்டி ஏதோ விலை கேட்டார் போல. ஒரு வார்த்தை புரியவில்லை. ஆனாலும் நகர மனசு வரவில்லை.

நான் நிற்பதைப் பார்த்து லாட்ஜ் வாட்ச்மேன் தாத்தா பேச்சுக் கொடுத்தார். அவருக்கு வங்காளம் நன்றாக வருகிறது. மீன் வெட்டியவர் முர்ஷிதாபாத்காரராம், வீட்டுக்காரருக்கு இங்கே சிகிச்சை. நான் குடியாத்தம், ஆயா பீடி சுற்றுகிறார் என்று சொன்னதை வாட்ச்மேன் அவரிடம் சொன்னார். அந்த அம்மா உடனே அரிவாள்மணையை விட்டுவிட்டு, ஈரக் கையாலேயே பீடி உருட்டிக் காட்டினார். அவருடைய ஊரிலும் வீட்டுக்கு வீடு அதே வேலையாம். கடைசியில் கட்டை விரலால் தலையை மடக்கினார் பாருங்கள், அச்சு அசல் ஆயாதான்.

ஜூலை 14, ஞாயிறு

குடியாத்தம் போய் வந்தோம். பள்ளிகொண்டா வழி பஸ். தெரு முனையிலேயே "இன்னாடா, வேலூர்ல சோறு போட்லியா, இப்டி எளச்சிட்ட?" என்று ஆரம்பித்துவிட்டார்கள். சாயங்காலம் முழுக்கப் பீடித் தலை மடக்கினேன்.

திரும்பும் பஸ்ஸில் அம்மாவிடம், "உனக்கு நம்ம தெரு ஞாபகமே வரலையாம்மா?" என்று கேட்டேன். அம்மா கொஞ்ச நேரம் ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். அப்புறம் சொன்னாள்: "நீ வெளையாட வெளிய வந்தே. நான் கணக்கு முடிக்க வெளிய வந்தேன். ஆயிரம் முடியலைன்னா ராத்திரி வெளக்கு வெச்சு சுத்தணும். கழுத்து வலி இப்பத்தான் கொறஞ்சிருக்கு." எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. பள்ளிகொண்டா தாண்டியதும் அம்மாவே, "பேச்சுத் தொணைக்குத்தான் ஆள் இல்ல" என்றாள்.

முறமும் கத்தரியும் பரணில் கிடக்கின்றன. அவற்றை எடுக்கச் சொல்ல எனக்கு மனசு இல்லை. ஆனால் வேலை ஏதும் இல்லாமல் தெருவில் சும்மா போய் உட்கார அம்மாவால் முடியாது. கூச்சப்படுவாள்.

ஜூலை 22, திங்கள்

பள்ளிக்கூடம் விட்டு வரும்போது பெரிய முருங்கைக்கீரைக் கட்டாக ஒன்று வாங்கி வந்தேன். மாடியில் வெக்கையாக இருக்கிறது, கீழே படியில் உட்கார்ந்து உருவலாம் வா என்று அம்மாவைக் கூப்பிட்டேன். பரணிலிருந்து முறத்தை நானே இறக்கித் துடைத்தேன்.

கேட்டைத் திறந்துவைத்து, வாசல்படியில் உட்கார்ந்தோம். கால் மணி நேரம் யாரும் வரவில்லை. அப்புறம் எதிர்வீட்டு அம்மா தண்ணீர் கேன் எடுக்க வெளியே வந்தவர், "கீரை இவ்ளோ பசுமையா இருக்கே, எங்க வாங்கினீங்க?" என்றார். அம்மா சொன்னாள். அவர் நின்றபடியே ஒரு காம்பை எடுத்து உருவ ஆரம்பித்தார். அதற்குள் வீட்டுக்கார அம்மாவும் பிளாஸ்டிக் சேரைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். கீரையில் ஆரம்பித்து கரண்ட் பில், எதிர்வீட்டு மருமகள், காட்பாடி மார்க்கெட் விலை என்று எங்கெங்கோ போனது. நடுவில் எதிர்வீட்டுப் பையன் பேட்டோடு வந்து நின்றான். அவன் எட்டாவதுதான், பரவாயில்லை.

கீரை தீர்ந்ததும் பேச்சும் முடிந்து எல்லாரும் எழுந்துவிட்டார்கள். அரை மணி நேரம் இருக்கும். அம்மா முறத்தைத் தட்டிக்கொண்டே, நாளைக்கு வரும்போது வாழைப்பூ வாங்கி வா என்றாள். அதை ஆய ரொம்ப நேரம் பிடிக்குமாம்.