கறந்த பால் ஏன் நுரைக்கவில்லை? மூன்று வாரம் கழித்துப் பிடிபட்டது

நேற்றுக் காலை ஜக்கைச் சாய்த்தபோது நுரை பெயின்ட் மாதிரி வழவழவென்று வழிந்தது. மூன்று வாரமாக இதே காபி மெஷினில், இதே ஜக்கில், கப்பில் ஊற்றிய பத்தே விநாடியில் பொரிபொரியென்று உடைந்து தண்ணீராகிக்கொண்டிருந்த அதே வீட்டுப் பால்!

கோத்தகிரிக்கு வந்ததிலிருந்து கீழ் ஹட்டியில் ஓர் அண்ணனிடம்தான் பால் வாங்குகிறேன். ருசியில் அதை அடிக்க வேறு பால் இல்லை. ஆனால் கடையில் வாங்கும் 3 சதவீதக் கொழுப்புப் பாக்கெட் பால் முதல் நாளே அழகாக நுரைத்தது, இது நுரைக்கவில்லை. கொழுப்பு அதிகம் என்பதால்தான் இருக்கும் என்று முதலில் நினைத்தேன். அதைச் சோதிக்க 6 சதவீதக் கொழுப்புள்ள பாக்கெட்டை வாங்கி அடித்தேன். நுரையின் உயரம் குறைந்தது, ஆனால் கெட்டியாக, கிரீம் போல நின்றது. ஆகக் கொழுப்பின் அளவு மட்டும் குற்றவாளி இல்லை.

அப்புறம் என் கைமேல் சந்தேகம். ஃப்ரிட்ஜிலிருந்து நேராக எடுத்த 150 மில்லி பால். மெஷினின் ஆவிக் குழாய் நுனியைப் பாலின் மேல்மட்டத்திலேயே வைத்து, காகிதம் கிழிகிற மாதிரி சத்தம் வர, 37 டிகிரி வரை மட்டும் காற்று ஏற்றுவேன். பிறகு நுனியைச் சற்று இறக்கி, சுழல விட்டு, 60-இல் நிறுத்துவேன். 70-ஐத் தாண்டினால் மோர்ப்புரதம் குலைய ஆரம்பித்து, காய்ச்சிய வாடை வந்துவிடும். எல்லாம் சரியாகத்தான் இருந்தது. (ஆவி குளிர்ந்து பாலில் சேரும் தண்ணீரையும் தராசில் பார்த்தேன், 15 கிராம். ஆவி விடுவதற்கு முன் குழாயில் தேங்கிய நீரை வெளியேற்றாவிட்டால் இன்னும் கூடும்.)

விடை ஒரு சாயங்காலம் நாக்கில்தான் கிடைத்தது. காலையில் வந்த பாலைப் பச்சையாகவே ஃப்ரிட்ஜில் வைத்து, மாலை காய்ச்சிக் குடித்தபோது அடித்தொண்டையில் லேசாக ஒரு சோப்புக் கசப்பு.

பாலில் கொழுப்பு சின்னச் சின்ன உருண்டைகளாக, ஒவ்வொன்றும் ஒரு மெல்லிய சவ்வுக்குள் இருக்கிறது. லைபேஸ் என்ற நொதியும் அதே பாலில்தான் உண்டு. சவ்வு கிழியாதவரை அதற்குக் கொழுப்பு எட்டாது. அண்ணன் பாதி நிரம்பிய கேனை ஜீப்பில் வைத்துக் கொண்டைஊசி வளைவுகளில் ஏற்றிக்கொண்டு வருகிறார். வழியெல்லாம் பால் தளும்பித் தளும்பி, சவ்வு கிழிகிறது. லைபேஸ் கொழுப்பை உடைத்துக் கொழுப்பு அமிலங்களைப் பிரித்துவிடுகிறது. குளிரில் இந்த வேலை மெதுவாகும், நிற்காது. நுரையின் குமிழிச் சுவரைப் பிடித்து நிறுத்துவது கேசினும் மோர்ப்புரதமும். அந்த இடத்தில் இந்த அமிலங்கள் முந்திக்கொண்டு உட்கார்ந்துவிடுகின்றன. புரதம் போல அவற்றால் உறுதியான படலம் கட்ட முடியாது. குமிழி உடைகிறது.

இது சரிதானா என்று பார்க்க ஒரே நாள் பாலை மூன்றாகப் பிரித்தேன். முதல் பங்கு வந்தவுடன் காய்ச்சி, ஆறவைத்து ஃப்ரிட்ஜுக்குப் போனது. இரண்டாவது மாலை வரை பச்சையாகவே இருந்தது. மூன்றாவதும் மாலை வரை பச்சையாக இருந்து, பிறகு காய்ச்சிக் குளிரவைத்தது. மூன்றையும் இரவு 5 டிகிரியிலிருந்து அடித்தேன். முதலாவது நின்றது. இரண்டாவது வழக்கம்போல உடைந்தது (60 டிகிரிக்குச் சும்மா சூடாக்கிய பச்சைப் பால் குடிக்கப் பாதுகாப்பில்லை, கொட்டிவிட்டேன்). மூன்றாவதுதான் முக்கியம்: காய்ச்சியும் உடைந்தது. காய்ச்சினால் லைபேஸ் செத்துவிடும், ஆனால் அதற்குள் பிரிந்துவிட்ட அமிலம் அங்கேயேதான் இருக்கும்.

மறுநாள் அண்ணனிடம், “அண்ணே, எனக்கு வர்ற பாலை மட்டும் சின்னத் தூக்குல கழுத்து வரைக்கும் ஊத்திக் கொண்டு வாங்க” என்றேன். “தளும்பாம இருக்கவா? அதுக்கென்ன, செஞ்சுடலாம்” என்றார். வந்தவுடன் காய்ச்சி, ஆடையை வடிகட்டியில் எடுத்துவிடுகிறேன். ஆடைத் துண்டு விழுந்தால் வழவழப்பு போய்விடுகிறது.

ஒரே குறை, காய்ச்சிய வாசனை. கீழ்க்கோத்தகிரிப் பக்கத்திலிருந்து வாங்கிய அராபிகாவின் மெல்லிய புளிப்பை அது மூடிவிடுகிறது. எங்கள் உயரத்தில் பால் 95 டிகிரிக்குள்ளேயே பொங்கிவிடும், இருந்தும் அந்த வாசனை வருகிறது. அடுத்த வாரம் பொங்கவிடாமல், கிளறிக்கொண்டே 75 டிகிரியில் ஒரு நிமிடம் பிடித்து, பாத்திரத்தோடு ஐஸ் தண்ணீரில் இறக்கிப் பார்க்கப்போகிறேன். லைபேஸுக்கு அந்தச் சூடு போதும்.