இரண்டாவது சாவி யாரிடம்?

பள்ளி, கல்லூரி விடுதிகள் திறக்கும் ஜூன், ஜூலை மாதங்களில் கவிதைப் பக்கத்தைத் திருத்தும் மேசைக்கு ஒரே வகைக் கவிதை வரிசையாக வந்து சேரும். பிள்ளையை விடுதிக்கு அனுப்பும் அம்மா கடவுளிடம் வேண்டுவது. எழுதியவர்கள் எல்லோருமே நம்பிக்கையோடுதான் எழுதத் தொடங்குகிறார்கள். தாளில் வந்து நிற்பது பெரும்பாலும் பயம். காரணம் மனத்தில் இல்லை, வினைச்சொல்லில் இருக்கிறது.

வழக்கமாக வரும் முதல் வரைவு இப்படி இருக்கும்:

இறைவா,
காய்ச்சல் வராமல் காப்பாய்.
கெட்ட சகவாசம் சேராமல் காப்பாய்.
பசியோடு படுக்காமல் காப்பாய்.
இரவில் அழாமல் காப்பாய்.
என் கண்ணை உன் கையில் விட்டேன்,
கைவிட்டுவிடாதே.

நான்கு ‘ஆமல்’. வாசித்து முடித்ததும் மனத்தில் தங்குவது என்னென்ன? காய்ச்சல், சகவாசம், பசி, அழுகை. ‘வராமல்’ என்று மறுத்தாலும் வாசிப்பவர் முதலில் காய்ச்சலைப் பார்த்துவிடுகிறார்; மறுப்பு அதற்குப் பிறகுதான் வந்து சேர்கிறது. கடைசி இரண்டு வரிகள் இன்னும் மோசம். ‘உன் கையில் விட்டேன்’ என்று கொடுத்துவிட்டு, மூச்சு விடுவதற்குள் ‘கைவிட்டுவிடாதே’ என்றால் கொடுத்ததாக ஆகுமா? கடன் கொடுத்தவர் பேசுகிற பேச்சு அது.

இதைத் திருத்த உணர்ச்சியைக் கூட்டவோ குறைக்கவோ வேண்டியதில்லை. தமிழில் வியங்கோள் என்று ஒரு வினைமுற்று உண்டு: வாழ்க, வருக, செல்க. அது எல்லா இடத்துக்கும் பாலுக்கும் பொது என்கிறது நன்னூல். நீ வாழ்க, அவள் வாழ்க, ஊர் வாழ்க, எல்லாவற்றுக்கும் ஒரே சொல். ‘காப்பாய்’ என்றால் எதிரே ஒருவர் நின்று கேட்டாக வேண்டும். வியங்கோளுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. கடவுளும் கேட்கலாம், பிள்ளையும் கேட்கலாம், அந்த விடுதிக் கட்டிலே கேட்டாலும் சரி.

சிக்கல் என்னவென்றால், ‘செல்க, வெல்க’ என்று இன்று எழுதினால் மேடை வாடை அடிக்கும், சுவரொட்டி ஞாபகம் வரும். வீட்டில் அம்மாக்கள் அப்படிப் பேசுவதில்லை. அவர்கள் வாயில் இருப்பது ‘-ட்டும்’. ‘நல்லா இருக்கட்டும்’, ‘போய்ட்டு வரட்டும்’. பேச்சில் வியங்கோளின் வேலையைச் செய்வது இதுதான். ஆனால் இதற்குள் கூடுதலாக ஒன்று இருக்கிறது. ‘போகட்டும்’ என்பது வேண்டுதல் மட்டுமல்ல, அனுமதியும்கூட. பிள்ளையை அனுப்பும் தாய்க்கு இரண்டும் ஒரே சமயத்தில் தேவைப்படுகின்றன. ஒரே விகுதி இரண்டையும் சொல்லிவிடுகிறது.

இனி ஒவ்வொரு வரியாக மாற்றலாம். ‘காய்ச்சல் வராமல்’ என்பதைப் பலரும் ‘ஆரோக்கியமாக இருக்கட்டும்’ என்று திருப்புவார்கள். ‘ஆமல்’ போய்விட்டது, கூடவே பிள்ளையும் போய்விட்டாள். அந்த வரி யாருக்கும் பொருந்தும். தவிர, விடுதியில் காய்ச்சல் வரத்தான் செய்யும். அது வரவே வராது என்று நினைப்பது நம்பிக்கை இல்லை. வரும் இரவில் யாராவது இருப்பார்கள் என்பதுதான் நம்பிக்கை. ஆகவே பக்கத்துக் கட்டிலைக் கவிதைக்குள் கொண்டுவர வேண்டும். அப்படிக் கொண்டுவந்தால் சகவாசம் பற்றிய வரிக்கும் அதிலேயே பதில் கிடைத்துவிடும். தனி வரி வேண்டாம்.

இந்த வழி நமக்குப் புதிதல்ல. மதுரைக்குப் புறப்பட்ட சிறுவன் சம்பந்தரைத் திருமறைக்காட்டில் அப்பர் தடுத்தார், கோள்நிலை சரியில்லை என்று. சம்பந்தர் அந்தக் கோள்களை மறைக்கவில்லை. ஞாயிறு முதல் சனி வரை, பாம்பு இரண்டையும் சேர்த்து வரிசையாகப் பெயர் சொல்லிவிட்டு, ‘ஆசறு நல்ல நல்ல’ என்று முடித்தார். ஆபத்தின் பெயர் வருவதால் கவிதை பயந்ததாகிவிடாது. பெயரைச் சொன்ன பிறகு வாக்கியம் எந்தப் பக்கம் திரும்புகிறது என்பதுதான் கணக்கு.

பசிக்கு வருவோம். விடுதியில் பிள்ளைகள் அரைவயிற்றோடு எழுவது பெரும்பாலும் சோறு இல்லாமல் அல்ல, இரண்டாம் முறை கேட்கக் கூச்சப்பட்டு. அதனால் வேண்ட வேண்டியது சோற்றை அல்ல, கேட்கும் வாயை. அழுகை வரியில் ‘அழாமல்’ என்பதை எடுத்துவிட்டு அழ விட வேண்டும். முதல் வாரம் எல்லாப் பிள்ளைகளும் அழுவார்கள். விடிந்ததும் முகம் கழுவத் தண்ணீர் இருந்தால் போதும்.

திருத்திய வடிவம்:

கட்டிலடியில் பெட்டி இடம் பிடிக்கட்டும்.
பூட்டுக்கு இரண்டு சாவி;
ஒன்று அவளிடம், ஒன்று உன்னிடம்.
காய்ச்சல் வரும் இரவில்
பக்கத்துக் கட்டில் விழித்துக்கொள்ளட்டும்.
தட்டை நீட்டி, “அக்கா, இன்னும் கொஞ்சம்” என்று
கேட்கட்டும்.
அழுதால் அழட்டும்;
விடிந்ததும் முகம் கழுவ வாளியில் தண்ணீர் இருக்கட்டும்.
ஐந்து வயதில் என் கையை உதறித்
தெருவைக் கடந்தவள் இவள்.
அன்று அந்தப் பக்கம் நீ நின்றாய்.
பஸ் கிளம்பட்டும்.

‘இறைவா’ இல்லை. ‘உன்னிடம்’ என்ற ஒரு சொல்லே யாரிடம் பேசுகிறாள் என்பதைக் காட்டிக்கொடுக்கிறது. குலசாமியோ மாதாவோ அல்லாவோ, படிக்கிறவர் வீட்டுத் தெய்வம் அந்த இடத்தில் வந்து உட்கார்ந்துகொள்ளும். பூட்டு வாங்கினால் இரண்டு சாவி வரும்; ஒன்றை அம்மா தன் பர்ஸில் போட்டுக்கொள்வதுதான் வீட்டு வழக்கம். இந்தக் கவிதையில் அவள் அதை வைத்துக்கொள்ளவில்லை. ‘நம்புகிறேன்’ என்று எழுதாமலே நம்பிக்கை தெரிகிற இடம் அது.

தெருவைக் கடந்த மூன்று வரிகளும் நடந்து முடிந்தவை. அங்கே வேண்டுதல் எதுவும் இல்லை. நம்புவதற்கு ஒரு சாட்சி வேண்டுமே, அதற்காகத்தான் அவை. சாட்சி ஒன்று போதும். மூன்று நான்கு அடுக்கினால் கடவுளுக்கு எதிராக வழக்கு நடத்துவது போல ஆகிவிடும்.

‘-ட்டும்’ ஆறு முறை வருகிறது. அதற்கு மேல் போனால் ஓர் ஆபத்து: ‘போனால் போகட்டும்’ என்கிற சலிப்பு ஒட்டிக்கொள்ளும். ஒட்டிவிட்டதா என்று கண்டுபிடிக்க, வாய்விட்டுப் படித்துப் பார்க்க வேண்டும். ‘-ட்டும்’ வரும் இடத்தில் குரல் தாழ்ந்துகொண்டே போனால் சலிப்பு ஏறிவிட்டது என்று பொருள். நடுவில் ‘-ட்டும்’ இல்லாத ஒரு வரியை வைத்தால் குரல் மறுபடி எழும்பும். சாவி வரியும் தெரு வரிகளும் இங்கே அந்த வேலையையும் செய்கின்றன.

கடைசி வரிக்குப் பிறகு ‘ஆமென்’, ‘ஓம்’, ‘உன் அன்பு அம்மா’ என்று எதையாவது சேர்க்கக் கை துறுதுறுக்கும். பஸ் கிளம்பிய பிறகு ஜன்னலைத் தட்டுவதற்குச் சமம் அது.

இப்படிப்பட்ட கவிதை பெரும்பாலும் பெட்டி மூடியின் உட்புறத்தில் ஒட்டப்படும். அறையில் இருக்கும் மற்றப் பிள்ளைகளும் படிப்பார்கள். அதனால் வீட்டில் கூப்பிடும் செல்லப்பெயரை அதில் எழுத வேண்டாம். முதல் வாரமே அது விடுதி முழுக்கப் பரவிவிடும். ‘பக்கத்துக் கட்டில்’ என்ற வரி மட்டும் மற்றவர் கண்ணில் படுவது நல்லது. பக்கத்துக் கட்டிலில் படுப்பவளும் அதைப் படிப்பாள்.